கேஸ் தீராது, கசியும்

"கேஸ் கம்மியாயிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்." எங்க வீட்டு ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசிக்கு ரெண்டு கோடையா இதே டயலாக், இதே பில். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது. மூடின பைப்புக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சா கசிஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். கசிவைத் தேடாம கேஸ் மட்டும் நிரப்புறதை சர்வீஸ்னு சொல்லக் கூடாதுங்கிறது என் கருத்து.

கசிவு காயில்லகூட இருக்கலாம். ஆனா முதல்ல பார்க்க வேண்டியது, வீட்டுல மாட்டும்போது கையால போடுற நாலு ஃப்ளேர் ஜாயின்ட்டைத்தான்: இன்டோர்ல ரெண்டு, அவுட்டோர்ல ரெண்டு. கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளிய வரும். அதனால கசியுற நட்டைச் சுத்தி பிசுபிசுப்பா அழுக்கு ஒட்டியிருக்கும். எங்க வீட்டுல கால் இஞ்ச் நட்டுல அப்படித்தான் இருந்துச்சு. சோப்பு நுரை வெச்சதும் குமிழி வந்துச்சு.

மூணாவதா வந்த அண்ணன் அந்த நட்டை மறுபடி இறுக்கலை. மிச்ச கேஸை ரெக்கவரி பண்ணிட்டு கழட்டிக் காட்டினார். புனல் மாதிரி விரிஞ்ச காப்பர் விளிம்பு நசுங்கி, மெலிஞ்சு, கீறல் விட்டிருந்துச்சு. அதாவது, முன்னாடி வந்தவர் இறுக்காம விடலை, அளவுக்கு மீறி இறுக்கியிருக்கார்.

இங்கதான் நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸ் வருது. கால் இஞ்ச் நட்டுக்கு சுமார் 16 நியூட்டன் மீட்டர் டார்க் போதும். 25 செ.மீ. ஸ்பேனர்ல அது 64 நியூட்டன், கிட்டத்தட்ட ஆறரை கிலோ இழுப்பு. பக்கத்துலயே இருக்கிற அரை இஞ்ச் நட்டுக்கு சுமார் 55 நியூட்டன் மீட்டர், அதாவது 22 கிலோ இழுப்பு. ரெண்டையும் ஒரே கை 'நல்லா டைட்டா' இறுக்கினா சின்னது நசுங்கும், இல்லன்னா பெருசு லூசா நிக்கும். அனுபவம் உள்ள கைக்கும் டார்க் ரெஞ்ச் வேணும்னு நான் சொல்றது இதனாலதான்.

அந்த அண்ணன் பழைய விளிம்பை கட்டரால வெட்டி எடுத்தார். தூள் உள்ள விழாம இருக்க பைப் வாயைக் கீழ்நோக்கிப் பிடிச்சு பிசிறு நீக்கினார். மறக்காம நட்டை முதல்ல கோத்துட்டு, 45 டிகிரி டூல்ல விரிச்சார். விளிம்பு ஒரே அகலமா, வழவழன்னு வந்திருக்கான்னு பார்த்துட்டு, உள்பக்கம் ஒரு சொட்டு ஏசி ஆயில் தடவினார். டெஃப்லான் டேப் சுத்தலை. ஏன்னா இங்க கசிவைத் தடுக்கிறது மரை இல்ல, காப்பரும் பித்தளையும் நேரா அழுந்துற அந்த முகம்தான். கையால பல சுத்து சுத்தி, நேரா ஏறுதான்னு பார்த்த பிறகுதான் ரெண்டு ஸ்பேனர்: ஒண்ணு வால்வைப் பிடிக்க, இன்னொண்ணு டார்க் ரெஞ்ச். அப்புறம் நைட்ரஜன் அடைச்சு சோதிச்சு, வேக்கம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏத்தினார்.

அடுத்த தடவை யாராவது "கேஸ் ஃபில் பண்ணிடலாம்"னு சொன்னா, "எந்த ஜாயின்ட்ல கசியுது, காட்டுங்கண்ணா"ன்னு கேளுங்க. பதில் வந்த பிறகு பணம் கொடுங்க.