தாராவியும் கூட்டற்குறியும்

மும்பைத் தமிழரின் பேச்சைப் பதிவுசெய்யும் என் களப்பணியில் சென்ற மாதம் ஒரு விந்தை நேர்ந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் பேசியவர்களின் விவரங்களையும் குரற்பதிவுகளையும் ஒரு கைப்பேசிச் செயலியின் வழியே அனுப்பிவந்தேன். அதை உருவாக்கித் தந்தவர்களின் பெயர் இங்கே வேண்டா. திரும்பப் பெற்ற அட்டவணையில், வாழிடம் என்னும் பத்தியில் ‘தாராவி’ இல்லை. ‘தஸ’ என்றிருந்தது, அதன்பின் ஒரு கூட்டற்குறி, சில கேள்விக்குறிக் கட்டங்கள், இடையே ஓர் 8. மாட்டுங்கா ‘மஸ’ என்று தொடங்கியது. செம்பூரில் முதலெழுத்தான ‘ச’ மட்டுமே தேறியது.

செயலியின் ஒப்புதல் படிவத்திலோ, விவரங்கள் யாவும் குறியாக்கம் செய்யப்பட்டுப் பாதுகாப்பாக அனுப்பப்படும் என்றொரு வரி இருந்தது. அவ்வரியைத் தாராவிச் சந்துகளில் நானே வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தக் குறியாக்கம் எதுவெனத் துருவிப் பார்த்தபோது வெளிப்பட்டது பேஸ்64. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பேஸ்64 பிறந்தது மறைப்பதற்காக அன்று. 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறை, ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே கொண்டுசெல்வதற்கென அமைந்தது. ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உண்டு. 256 மதிப்புகள் சாத்தியம். அஞ்சல் வழிக்குத் தெரிந்தவை முதல் 128 மட்டுமே. படமோ ஒலியோ எல்லா 256 மதிப்புகளையும் பயன்படுத்தும். அதை அப்படியே அனுப்பினால், இடையிலுள்ள சேவையகம் எட்டாவது பிட்டை வெட்டிவிடக்கூடும். வரிமுடிவு என்று தான் கருதும் பைட்டுகளை மாற்றியும் எழுதிவிடக்கூடும். தொண்ணூறுகளில் திஸ்கி குறிமுறையில் தமிழ் எழுதியவர்களுக்கு இந்த இடர் படத்தோடு நிற்கவில்லை. திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 127க்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. எட்டாவது பிட் போனால் ஒவ்வொரு தமிழெழுத்தும் ஏதோ ஓர் ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோ மாறிவிடும். அன்றைய அஞ்சலுக்குத் தமிழே ஓர் இருமக் கோப்பு.

1992இல் வந்த மைம் என்னும் தரம் இதற்குத் தந்த தீர்வுகளுள் ஒன்றே பேஸ்64. எவ்வழியிலும் சிதையாத 64 எழுத்துகளை அது தேர்ந்தது: ஆங்கிலப் பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, இலக்கம் 10, இவற்றோடு `+`, `/` என்னும் இரண்டு. மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறாறாக நான்கு கூறிட்டு, ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எழுத்தை எழுதுவதே முறை. ‘த’ என்னும் எழுத்தைக் கொண்டு செய்துபார்ப்போம்.

```
E0       AE       A4
11100000 10101110 10100100
111000 001010 111010 100100
56     10     58     36
4      K      6      k
```

மொழியியல் படித்தவளுக்கு இதில் ஒரு களிப்பு உண்டு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் மிகச் சரியாக மூன்று பைட்டுகள் கொள்ளும். ஆகவே இடைவெளியற்ற ஒரு தமிழ்ச் சொல்லில் ஒவ்வொரு குறியும் நான்கு எழுத்துகளாக, எச்சமின்றி விழும். ‘தாராவி’ இப்படி அமையும்:

```
4K6k 4K6+ 4K6w 4K6+ 4K61 4K6/
த    ா    ர    ா    வ    ி
```

பிரித்துக் காட்டியது நம் வசதிக்காக. உண்மையில் எல்லாம் ஒட்டியே இருக்கும். இப்போது `+`, `/` இரண்டும் எங்கே அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். தகர, ரகர, வகரங்களில் இல்லை. துணைக்குறிகளில் மட்டுமே உள்ளன. இது தற்செயலாக இந்தச் சொல்லுக்கு மட்டும் வாய்த்ததன்று. கால் `4K6+`, இகரக் குறி `4K6/`; ஈகாரக் குறி முதல் புள்ளி வரை ஏனைய யாவும் `4K+` என்றே தொடங்கும். உயிரெழுத்து எதிலும், அகரமேறிய மெய் எதிலும் இவ்விரு குறிகளும் வாரா. (சொற்களுக்கிடையே ஓர் இடைவெளி வந்தால் ஒரு பைட் நகர்ந்து இந்த ஒழுங்கு குலைந்துவிடும், தனிச் சொல்லுக்கே இது பொருந்தும்.)

செயலி செய்த பிழை இங்கேதான். பேஸ்64 ஆக்கிய சொல்லை, வலைப்படிவங்களை அனுப்பும் முறையில் அப்படியே அனுப்பியது. அம்முறையில் `+` என்றால் இடைவெளி என்று பொருள். சேவையகம் அதை இடைவெளியாக்கியது. பேஸ்64ஐப் பிரிக்கும் நிரல் இடைவெளியைப் பொருட்படுத்தாமல் தள்ளிவிட்டது. `4K6k` தப்பியது, அது ‘த’. அடுத்த கூறில் `+` காணாமற்போகவே, அதற்கடுத்த கூறின் முதலெழுத்தான 4 முன்னேறி வந்து `4K64` ஆயிற்று. அதன் மதிப்பு ‘ஸ’! அதற்கப்பால் எல்லாக் கூறுகளும் இடம்பெயர்ந்து வெறுங்குப்பை. ‘மாட்டுங்கா’விலும் காலே முதலில் வருவதால் அதே ஸகரம். செம்பூரின் எகரக் குறி `4K+G`. அங்கே `+` மூன்றாமிடத்தில் இருப்பதால் ஸகரமும் பிறக்கவில்லை. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணிற் பட்டிராது. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் மட்டுமே கொண்ட பெயரில் `+` வரவே வராது.

தீர்வு எளிது. இணைய முகவரிகளுக்கென `+`, `/` ஆகியவற்றுக்குப் பதில் `-`, `_` இட்ட ஒரு வகை உண்டு, 2006இன் ஆர்.எஃப்.சி. 4648 அதை வரையறுக்கிறது. அதனினும் நல்லது, எழுத்தை எழுத்தாகவே அனுப்புவது. ஜேசன் வடிவம் ஒருங்குறி உரையை நேரடியாக ஏற்கும். ‘தாராவி’யைத் ‘தாராவி’ என்றே எழுதலாம். ஜேசனில் இல்லாதது, உரையல்லாத பைட்டுகளை வைக்க ஓர் இடம். ஆதலால் குரற்பதிவுக்கு மட்டுமே பேஸ்64 தேவைப்படுகிறது. அதற்கும் விலையுண்டு. நொடிக்கு 16,000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு நிமிடப் பேச்சு 19,20,000 பைட். பேஸ்64இல் அது 25,60,000. மூன்றில் ஒரு பங்கு மிகை. சிறு துணுக்குகளுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மணிநேர நேர்காணலை இப்படி அனுப்புவது வீண். ஒலியைத் தனிக் கோப்பாக ஏற்றி, ஜேசனில் அதன் முகவரியை மட்டும் வைப்பதே முறை.

சிதைந்த ஊர்ப்பெயர்களைச் செப்பனிட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது ஒப்புதல் படிவத்தின் அந்த வரி. பேஸ்64இல் திறவுகோல் கிடையாது. ‘அம்மா’வை ammaa என்று எழுதுவது எப்படி மறைப்பு ஆகாதோ, அப்படியே இதுவும் எழுத்துப்பெயர்ப்பு. எந்தக் கணினியிலும் ஒரே வரியில் திரும்பப் படிக்கலாம்:

```
echo '4K6k4K6+4K6w4K6+4K614K6/' | base64 -d
```

சில நாள் பழகினால், `4K6` என்று கண்டதுமே தமிழ் என்று கண்ணே சொல்லிவிடும். தமிழில் ‘குறியாக்கம்’ என்னும் ஒரே சொல்லை, வடிவமாற்றத்துக்கும் திறவுகோலிட்டு மறைப்பதற்கும் சேர்த்தே வழங்குகிறோம். இக்குழப்பத்தில் ஒரு நிறுவனம் ஒளிந்துகொள்ள முடிகிறது. முன்னதைக் குறிமுறைமாற்றம் என்றும், பின்னதை மறையாக்கம் என்றும் ஒப்புதல் படிவங்களிலேனும் பிரித்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. தம் பெயரையும் குரலையும் நம்பிக் கொடுத்தவர்கள், எதை நம்பினார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே தீர்மானிக்கிறது.

படிவத்தை மாற்றி எழுதிவிட்டேன். இணைப்பு டி.எல்.எஸ். மறையாக்கத்தின் வழியே மட்டும் செல்லவும், சேமிப்பில் பெயர்கள் தனித் திறவுகோலால் பூட்டப்படவும் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களிடம் வரும் ஞாயிறு தாராவியிலிருந்து தொடங்கி மீண்டும் செல்கிறேன். பழைய வரி தவறு என்று சொல்லிவிட்டுத்தான் புதியதை வாசிக்க வேண்டும். மறுப்பவர்களின் பதிவுகளை அவர்கள் கண்முன்னே அழித்துவிடுவேன்.