"பாக்கறேன் சார்"

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு கோபாலபுரம் வரும். மே 14 அல்லது 15. முந்தின ராத்திரி லாட்ஜில் ரூம் கிடைப்பது கஷ்டம் என்று ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் கீழ் ரூம் இல்லை என்பதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. இல்லை என்பதைச் சொல்லாமல் இழுத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது. திருவிழாவுக்கு அவளோடு போய்த் தங்க லாட்ஜில் ரூம் சொன்னபோது, போனிலேயே கீழ் ரூம் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கிடைத்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கவுண்டரில் கேட்டேன். பையன் "பாக்கறேன் சார்" என்றான். எட்டரைக்குக் கேட்டேன், பத்துக்குக் கேட்டேன், அதே பதில். அம்மா வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு, "ஃபுல் சார், காலையில பாக்கலாம்" என்றான். ஏழு மணிக்கே அவன் முடியாது என்றிருந்தால் பேரணாம்பட்டில் சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றியிருப்பேன். பதினொன்றரைக்கு எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

வேலூரில் ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷம் நான் கவுண்டரில் உட்கார்ந்தவன். வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். மாடி ஏற முடியாதவர்கள் தினமும் கேட்பார்கள். "பாக்கறேன்" என்று சொல்லக் கூடாது என்பதைத்தான் எங்கள் மேனேஜர் முதலில் சொல்லிக் கொடுத்தார். முதல் வாக்கியத்திலேயே முடியாது என்று வந்துவிட வேண்டும்: "சார், இன்னிக்கு ராத்திரி கீழ ரூம் மாத்தித் தர முடியாது. அஞ்சு ரூம்லயும் ஆள் இருக்காங்க. அம்மாவால படி ஏற முடியலன்னு தெரியுது, போன்லயே சொல்லியும் நாங்க வைக்காதது எங்க தப்பு." அவ்வளவுதான். "திருவிழா டைம்ல எங்க போனாலும் இதான் சார்" என்று சேர்த்தால் கேட்கிறவர் சண்டைக்குத்தான் வருவார்.

அதன்பிறகு, கையில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று லெட்ஜரைப் பார்த்தாலே தெரியும். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு வந்தவர் மறுநாள் ஆறுக்குக் காலி பண்ண வேண்டும். அதனால் எந்த ரூம் எப்போது விடும் என்பது வந்த நேரத்தை எழுதிய கட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொரு நாள் இருக்கிறேன் என்று அவர்கள் சொல்லிவிடலாம். ராத்திரி ஒன்பது மணிக்குள் அந்த ரூமுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "கீழ ஒரு ரூம் காலைல ஆறுக்குக் காலி ஆகுது, அவங்ககிட்ட கேட்டுட்டேன். சுத்தம் பண்ண அரை மணி நேரம். உங்க பேரை எழுதி வச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்த ஆளிடம் சாவி மாறும்போது அந்தப் பேர்தான் பேசும்.

ராத்திரிக்கு என்ன வழி? கீழே ஒற்றை ஆளாகத் தங்கியிருப்பவர் இருந்தால் அவரிடம் கேட்கலாம்: "மேல வயசான அம்மா ஒருத்தங்க, படி ஏற முடியல. ரூம் மாத்திக்க முடியுமா? முடியலன்னா பரவாயில்ல." வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். அவர் யார், எந்த ரூம் என்பதைக் கேட்டவரிடம் சொல்லவே கூடாது. நேராகப் போய்க் கதவைத் தட்டிவிடுவார்கள். அடுத்தது வேறு லாட்ஜ். "பக்கத்துல கேட்டுப் பாருங்க" என்று அனுப்புவது கையைக் கழுவுவது. நாமே போன் போட்டு, கீழ் ரூம்தானா, வாடகை எவ்வளவு என்று கேட்டு, அரை மணி நேரம் பிடித்துவைக்கச் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்: "ஆம்பூர்ல ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன். நீங்க போறதா இருந்தா அட்வான்ஸ் முழுசா திருப்பித் தந்துடறேன்." எதுவுமே அமையாவிட்டால் ரூம் பாய் ஒருவனும் ஒரு நாற்காலியும் போதும், அம்மாவை உட்கார வைத்து இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு அம்மா மூன்று மாடியும் ஏறி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் படியிலேயே உட்கார்ந்தாள். காலை ஏழு மணிக்கு நான் இறங்கி வந்தபோது கீழே 102-இல் புதிதாக வந்த குடும்பம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. கவுண்டரில் வேறு ஆள். ராத்திரியிலிருந்து கீழ் ரூமுக்குத்தான் காத்திருந்தோம் என்றேன். லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் எழுதி வைக்கலியே சார்" என்றார்.