உளப்பகுப்பாய்வும் பனுவற் சான்றும்: ‘அம்மா வந்தாள்’ நாவலை முன்வைத்து

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலில் வரும் அப்புவிடம் இடிபஸ் சிக்கலைக் காணும் வாசிப்பு ஏற்கத்தக்கதே. இந்துவின் காதலை மறுக்கையில் அவன் தாயையே முன்னிறுத்துகிறான். தாயின் பிறன்தொடர்பை அவள் சுட்டியதும் கொதிக்கிறான். அவ்வுண்மையைச் சென்னையில் கண்டறிந்தபின் இந்து இருக்கும் பாடசாலைக்கே திரும்புகிறான். பனுவலிலுள்ள இம்மூன்றையும் ஒரே கருதுகோள் இணைத்து விளக்குகிறது.

ஆனால், குழவிப்பருவத்தில் பெற்றோரின் கூடலை அப்பு கண்டிருக்கவேண்டும் என்று மேலும் உரைப்போர் திறனாய்வின் எல்லையைக் கடக்கின்றனர். நோயாளி நினைவுகூரலாம், மறுக்கலாம்; நாவல் சொல்லாத குழவிப்பருவம் அப்புவுக்கு இல்லை. சான்றின்மையையே ‘நனவிலி ஒடுக்கத்தின்’ சான்றாகக் காட்டுவது வாதமாகாது.

பிராய்டும் இவ்வாறு வழுவியதுண்டு. லியனார்டோ டா வின்சியின் குழவிப்பருவ நினைவொன்றில் வரும் பறவையைப் பிழையான ஜெர்மன் மொழிபெயர்ப்பால் பிணந்தின்னிக் கழுகெனக் கொண்டு, எகிப்தியத் தாய்த்தெய்வத்தோடு 1910இல் இணைத்தார். மூலத்தில் இருந்தது பருந்து, அவ்விணைப்பு ஆதாரமிழந்தது.

ஆக, அளவுகோல் எளியது. அப்புவின் சொல்லும் செயலும் வேறாக இருந்திருப்பின் ஆய்வாளரின் முடிவும் மாறியிருக்குமா? மாறாதெனின் அது ஊகமே.