மூன்று போஸ்டர், ஒரு மெயில்

"மேடம், கான்ஃபரன்ஸுக்கு மூணு போஸ்டர் பண்ணியிருக்கேன். எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க." வருஷத்துக்கு ஏழெட்டு மெயிலாவது இப்படி வரும். நானும் பஸ்ஸில் நின்றபடியே செல்போனில் திறந்து பார்த்து, "ரெண்டாவது நல்லா இருக்கு" என்று பதில் போட்டுவிடுவேன்.

அப்படி நான் சொன்ன ஒரு போஸ்டரை மாணவன் ஒருவன் அச்சடித்து மாட்டியிருந்தான். அரங்கில் போய்ப் பார்த்தால், மூக்கு உரசும் தூரத்துக்குப் போனால்தான் எழுத்து தெரிந்தது. செல்போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்த எனக்கு அது தெரியவே இல்லை. அவன் கேட்டது நல்லா இருக்கா என்று. நானும் அதற்குத்தான் பதில் சொல்லியிருந்தேன்.

போன மாதம், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து வேறு மாதிரி ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அவள் அனுமதியோடு, பெயரை எடுத்துவிட்டு, தமிழில் தருகிறேன்.

"பொருள்: போஸ்டர் அ, ஆ, இ – ஒன்றைத் தேர்ந்து தர வேண்டும், வியாழன் மாலை 5 மணிக்குள்.

வணக்கம் மேடம். 18 ஆழ்துளைக் கிணறுகளின் ஃபுளோரைடு வேலைக்கு மூன்று வரைவுகள் செய்திருக்கிறேன். மூன்றிலும் தரவு ஒன்றுதான், அமைப்பு மட்டும் வேறு. முக்கியத்துவ வரிசையில் என் கேள்விகள் இவை.

1. நான்கடி தூரத்தில் நிற்பவருக்குப் பத்து விநாடியில் முக்கிய முடிவு புரிகிறதா?
2. நாம் அளந்ததற்கு மேல் எதையாவது போஸ்டர் சொல்லிவிடுகிறதா?
3. நான் பக்கத்தில் இல்லாதபோதும் செய்முறை புரிகிறதா?

ஏ0 அளவு, நெட்டுவாக்கு என்பது அமைப்பாளர்கள் சொன்னது. மூன்றுமே அப்படித்தான் இருக்கின்றன. வெள்ளி காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒரே பிடிஎஃப்பில், ஒவ்வொரு பக்கமாக இருக்கின்றன. எனக்குப் பிடித்தது எது என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் முடிவு செய்த பிறகு பாருங்கள்."

நான்காம் பக்கத்தை ஒளித்து வைத்த சாமர்த்தியம் எனக்குப் பிடித்தது. மாணவியின் ஆசை முதலிலேயே தெரிந்துவிட்டால், அதற்குத் தோதாகவே காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம். (இந்த முறை நான் கட்டுப்பாடாக இருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.)

முதல் கேள்வியில் 'நான்கடி' என்று இருந்ததால்தான் என்னால் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஏ0 தாளை நான்கு முறை மடித்தால் ஏ4 வரும். அதாவது நீளமும் அகலமும் நாலில் ஒரு பங்காகும். ஆக, போஸ்டரை ஏ4 தாளில் அச்சடித்து ஓரடி தூரத்தில் பிடித்துப் பார்ப்பதும், முழு போஸ்டரை நான்கடி தள்ளி நின்று பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். போஸ்டரில் 24 பாயிண்ட்டில் உள்ள எழுத்து கையில் 6 பாயிண்ட்டாக இருக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டு மாதிரி.

டிபார்ட்மென்ட் பிரின்டரில் மூன்றையும் எடுத்து, பக்கத்து அறை கணிதப் பேராசிரியரைக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. என்ன புரிந்தது என்று கேட்டேன்.

'அ' வழக்கமான போஸ்டர். முன்னுரை, நோக்கம், செய்முறை, முடிவு என்று ஆயிரம் வார்த்தைக்கு மேல் இருக்கும். "ஏதோ தண்ணி பத்தி" என்றார். 'ஆ'வின் நடுவில் கொட்டை எழுத்தில் ஒரே வாக்கியம்: 'ஆழமான கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம்.' கீழே, வட்டாரம் முழுவதும் நீலத்திலிருந்து சிவப்புவரை வண்ணம் பூசிய வரைபடம். உடனே சொல்லிவிட்டார். 'இ'யிலும் அதே வாக்கியம், ஆனால் சற்றுச் சின்னதாக. கீழே கிணற்றின் ஆழத்துக்கு எதிராக ஃபுளோரைடு அளவு, 18 புள்ளிகள், குறுக்கே 1.5 மில்லிகிராம் கோடு. லிட்டருக்கு அவ்வளவுதான், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்சம். இதைச் சொல்ல அவருக்குப் பத்து விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

ஒவ்வொரு கேள்விக்கும் முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 என்று போட்டு, அவள் தந்த வரிசைப்படி மும்மடங்கு, இருமடங்கு, ஒரு மடங்கு ஆக்கிக் கூட்டினேன். 'ஆ' 13, 'அ' 12, 'இ' 11. கணக்குப்படி 'ஆ'தான்.

ஆனால் அந்த வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது. அளந்தது 18 இடம். நடுவிலுள்ள அத்தனை ஊருக்கும் வண்ணம் பூசியது மென்பொருள். பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை நிரப்பிக்கொண்டே போகும். சமவெளி மணலில் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். இது தர்மபுரிப் பக்கத்துப் பாறை மண். அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில் நிற்கிறது. ஒரு தெருவில் இரண்டு கிணறு இருந்தால், ஒன்றில் குறைவாகவும் மற்றதில் அதிகமாகவும் ஃபுளோரைடு இருக்கலாம். அந்த வட்டாரத்துக்காரர் ஒருவர் போஸ்டர் முன்னால் நின்றால் முதலில் தன் ஊரைத்தான் தேடுவார். அங்கே நீலம் இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவர் ஊர்க் கிணற்றை யாரும் சோதிக்கவே இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பதும், நாளாவட்டத்தில் எலும்பு பாதிக்கப்படுவதும் அந்தப் பக்கம் தெரியாத விஷயமல்ல.

மெயிலில் இருந்த ஒரே குறை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று கேள்விகளையும் ஒரே தராசில் வைத்திருந்தாள். ஒன்றும் மூன்றும் மதிப்பெண் போடக்கூடியவை. ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டலாம். இரண்டாவது அப்படியல்ல. அது வாசல் கதவு. அதில் தோற்றால் மற்றதை எண்ணவே வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் 'ஆ' வெளியே. 'இ'யின் தலைப்பும் கொஞ்சம் அளவு மீறித்தான் பேசுகிறது. ஆனால் 'நாங்கள் சோதித்த 18 கிணறுகளில்' என்று முன்னால் சேர்த்தால் சரியாகிவிடும். 'ஆ'வில் வரைபடத்தை எடுத்தால் போஸ்டரே இல்லை. மீதி இரண்டு கேள்விகளை மட்டும் கூட்டினால் 'இ' 7, 'அ' 6. நூலிழை வித்தியாசம்தான். என்றாலும் 'அ'வைச் சரிசெய்ய ஒரு ராத்திரி போதாது.

வியாழன் மதியம் இப்படிப் பதில் போட்டேன்:

"இ-யை அச்சுக்கு அனுப்பு. தலைப்பில் '18 கிணறுகள்' வர வேண்டும். எழுத்தை 'ஆ'வின் அளவுக்குப் பெரிதாக்கு. உபகரணத்தின் போட்டோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அ'விலிருந்து செய்முறையை ஐந்து வரியில் எழுது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் என் கறுப்பு வெள்ளைப் பிரின்டரில் ஒரே சாம்பலாக வந்தன. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் குழம்பும். ஒன்றை முக்கோணமாக்கு. 'ஆ' ஏன் வேண்டாம் என்பதை நாளை நேரில் சொல்கிறேன்."

அதற்குப் பிறகுதான் நான்காம் பக்கத்தைத் திறந்தேன். 'எனக்குப் பிடித்தது ஆ. வரைபடத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆனது' என்று இருந்தது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சரி மேடம். வண்ணத்தை எடுத்துவிட்டு, 18 புள்ளிகளை மட்டும் வைத்து வரைபடத்தைச் சின்னதாக ஓரத்தில் போடலாமா?"

போடலாம் என்றேன். இடது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வைத்திருந்தாள். கருத்தரங்கில் அதிகம் பேர் விரல் வைத்துப் பார்த்தது அந்த மூலையைத்தான்.