நூறு எங்கே தொடங்குகிறது?

தொகுதி மறுவரையறைப் பேச்சு சத்துவாச்சாரித் தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதில் முந்தியது தமிழகமா, கேரளமா?

2011இல் தமிழகம் 7.21 கோடி, கேரளம் 3.34 கோடி. அளவில் வேறுபட்ட இவற்றை ஒப்பிட, இரண்டையும் ஓர் அடிப்படை ஆண்டில் நூறாகக் கொள்ள வேண்டும். 2011 எண்ணை அவ்வாண்டின் எண்ணால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

1971இல் தமிழகம் 4.12 கோடி, கேரளம் 2.13 கோடி. அதை நூறாக்கினால் தமிழகம் 175, கேரளம் 157. கேரளமே முந்துகிறது. 1951இல் முறையே 3.01, 1.35 கோடி. அதை நூறாக்கினாலோ தமிழகம் 240, கேரளம் 247! முதல் இருபதாண்டுகளில் கேரளம் விரைந்து பெருகி, பின்னரே வேகம் தணிந்தது.

1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மக்களவை இடங்களை 1971 கணக்கோடு நிறுத்தியது. ஆகவே இவ்வாதத்துக்கு 1971ஏ பொருத்தமான அடிப்படை என்பது என் கருத்து. அடிப்படை ஆண்டைச் சொல்லாத குறியீட்டெண்ணை நாம் ஏற்கலாகாது.