ஏணியைச் செய்தவர் யார்?

செயல்வழிக் கற்றல் குழந்தையின் பக்கம் நின்றது, 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ அளவுகோலின் பக்கம் போய்விட்டது என்று ஓர் இதழ் எழுதியிருக்கிறது. முன்னது செயல்முறை மாதிரியாம், பின்னது விளைவு மாதிரியாம். வகுப்பறையில் இரண்டையும் கண்டவர்கள் இதை ஏற்க முடியாது.

செயல்வழிக் கற்றலின் ஊற்று ரிஷிவேலி. 1960 வரை எங்கள் திருத்தணியும் இருந்த அதே சித்தூர் மாவட்டத்தில்தான் அது அப்போது இருந்தது. அங்கே கிராமத்து ஆசிரியர்களும் சேர்ந்து, ஊர்க்கதையையும் பாட்டையும் கொண்டு அட்டைகளை உருவாக்கினார்கள். 2003இல் அது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007இல் மாநிலம் முழுக்கப் பரவியபோது அட்டைகள் அச்சாகியே வந்து சேர்ந்தன. தரையில் ஆசிரியரும் குழந்தையும் சேர்ந்து அமர்ந்ததும், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கியதும் பெரும் பேறுதான். ஆனால் ஏணிப்படியில் எந்த மைல்கல்லுக்குப் பின் எது, எதை முடித்தால் அடுத்த படி என்பதெல்லாம் முன்பே முடிவானவை. குழந்தைக்குத் தன் வேகம் கிடைத்தது, திசை கிடைக்கவில்லை. இலக்கை வகு, அனுபவத்தைத் தேர், ஒழுங்குபடுத்து, அளந்து பார் என்று 1949இல் கல்வியியலாளர் டைலர் வகுத்த வழியேதான் அது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அதே விளைவு மாதிரிக் குடும்பம்.

வீட்டில் தெலுங்கு பேசும் எங்கள் ஊர்க் குழந்தை ஒன்று பூனைப் படத்தைப் பார்த்து ‘பில்லி’ என்கிறது. ‘பூ’ என்ற எழுத்துதான் அந்த அட்டையின் இலக்கு என்றால் அது இன்னும் எட்டப்படவில்லை. குழந்தை அதே படியில் நிற்கும். அட்டையைச் சற்று ஒதுக்கிவைத்து, வீட்டில் வேறு எவற்றுக்கெல்லாம் இன்னொரு பெயர் உண்டு என்று கேட்கும் ஆசிரியர், யாரும் வகுத்துத் தராத ஒரு பாடத்தைத் தொடங்குகிறார். அதை மதிப்பிடப் படிவத்தில் கட்டம் கிடையாது. கேள்வி எவ்வளவு தூரம் போயிற்று, எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்று அவரேதான் தீர்மானிக்க வேண்டும்.

செயல்முறை மாதிரி என்று கல்வியியலாளர் ஸ்டென்ஹவுஸ் 1975இல் எழுதியது இதைத்தான். போர், வறுமை, குடும்பம் என்று சர்ச்சைக்குரியவற்றை வகுப்பில் வைத்து, ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்காமல் விவாதத்தை நடத்தும் திட்டம் ஒன்றை அவர் வழிநடத்தினார். விளைவு மாதிரிக்கு ஆசிரியர் நிறைவேற்றுபவர், குழந்தை சேர வேண்டிய இடத்தை நோக்கி நகர்பவர். ஸ்டென்ஹவுஸுக்கு ஆசிரியர் தன் வகுப்பையே ஆராய்பவர், குழந்தை அந்த ஆய்வின் போக்கை மாற்றக்கூடியவர்.

செயல்முறை மாதிரியின் பலவீனத்தையும் அவரே ஒப்புக்கொண்டார்: எல்லாமே ஆசிரியரின் தரத்தைப் பொறுத்தது. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே பார்க்கும் பள்ளியில் இது எளிதில் நடக்காது. எழுத்துக்கூட்டிப் படிக்க ஓர் ஒழுங்கான வரிசையும் தேவைதான். அந்த வரிசையைத் திருத்தும் உரிமை வகுப்பில் நிற்பவருக்கு உண்டா என்பதே எங்கள் கேள்வி. இரண்டு திட்டங்களிலும் அது இல்லை.

ஆசிரியர் தினம் கொண்டாடவைத்த ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. இவ்வட்டார ஆசிரியர்களே, அட்டையை மீறிப் போன உங்கள் பாடம் ஒன்றை, தோற்றுப்போனதானாலும், எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.