ரிமோட் டெஸ்க்டாப் சான்றிதழ் எச்சரிக்கை: புறக்கணிக்கத் தக்கதா?

ரிமோட் டெஸ்க்டாப் வழியே விண்டோஸ் கணினியொன்றை அணுகும்போது, எதிர்முனையின் அடையாளத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றும், அதன் சான்றிதழ் நம்பத்தக்க அமைப்பு வழங்கியதன்று என்றும் ஓர் எச்சரிக்கை தோன்றுவதுண்டு. இணைப்பு எப்படியும் மறையாக்கம் பெற்றதே, ஆகவே “Don't ask me again for connections to this computer” என்னும் கட்டத்தில் குறியிட்டு மேலே செல்லலாம் என்பதே அலுவலகங்களில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு.

இக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. எந்த அமைப்பும் சான்றிதழ் வழங்காத நிலையில், விண்டோஸ் தானே ஒன்றை உருவாக்கித் தானே ஒப்பமிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. அத்தகைய சான்றிதழுக்குப் பிறர் சான்றுரை இல்லாததால் எச்சரிக்கை எழுகிறது. எனவே அது தோன்றியதாலேயே தாக்குதல் நடக்கிறது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இதிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்றும் பிழையானவை.

முதலாவது, மறையாக்கமே போதும் என்பது. மறையாக்கம், வழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கிறது. மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அதே வலைப்பின்னலில் உள்ள ஒருவர் நடுவில் புகுந்து தமது சான்றிதழைக் காட்டினால், பயனரின் கணினி அவருடனேயே பாதுகாப்பாக மறையாக்கம் செய்துகொள்ளும். திரை தோன்றுமுன்பே பயனரைச் சரிபார்க்கும் என்.எல்.ஏ. முறை கட்டாயமாக்கப்படாத இடத்தில் கடவுச்சொல்லே அவர் கைக்குச் செல்லக்கூடும். கட்டாயமாக்கப்பட்ட இடத்திலும், பழைய என்.டி.எல்.எம். நெறிமுறை பயன்பட்டால், கடவுச்சொல்லைப் பின்னர் ஊகித்துக் கண்டறிய உதவும் பதில் அவருக்குக் கிடைத்துவிடும்.

இரண்டாவது, ஒருமுறை குறியிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது. அக்குறி, சான்றிதழின் சுருக்க அடையாளமான விரல்ரேகையை அந்தப் பயனரின் கணினியில் பதிந்து வைக்கிறது. முதல் முறை வந்தது உண்மையான சான்றிதழா என்று பார்க்காமல் குறியிட்டால், போலியும் அவ்வாறே நம்பப்படும். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் எச்சரிக்கை மீண்டும் வரும்போது, மாறியது ஏன் என்று எவரும் கேட்பதில்லை. தற்காலிகமாக இவ்வழியை நாடுவோர், சர்வரின் முன் அமர்ந்து கீழ்க்கண்ட கட்டளையால் விரல்ரேகையைப் பெற்று, எச்சரிக்கைச் சாளரத்தின் “View certificate” காட்டும் எண்ணுடன் ஒப்பிட்ட பின்னரே குறியிட வேண்டும்.

```
Get-ChildItem "Cert:\LocalMachine\Remote Desktop"
```

மூன்றாவது, அந்தச் சான்றிதழையே ஒவ்வொரு பயனர் கணினியின் நம்பகப் பட்டியலிலும் சேர்த்துவிடலாம் என்பது. இது பலனளிக்கும், ஆனால் அடுத்த புதுப்பிப்பு வரை மட்டுமே. மேலும், பெயருக்குப் பதிலாக ஐ.பி. முகவரியைத் தட்டச்சு செய்வோருக்கு, பெயர் பொருந்தவில்லை என்னும் எச்சரிக்கை அப்போதும் வரும்.

ஆகவே திருத்த வேண்டியது சர்வரின் சான்றிதழையே. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுச் சர்வர் `kanakku01.corp.example` என்னும் பெயருடன் டொமைனில் இணைந்திருப்பதாகவும், அங்கே விண்டோஸ் சான்றிதழ்ச் சேவை இயங்குவதாகவும் கொள்வோம். நிர்வாகி “Computer” வார்ப்புருவை நகலெடுத்து, ரிமோட் டெஸ்க்டாப் அங்கீகாரத்துக்குரிய `1.3.6.1.4.1.311.54.1.2` என்னும் பயன்பாட்டுக் குறியை அதில் சேர்த்து, டொமைன் கணினிகளுக்கு “Enroll” உரிமை தந்து வெளியிட வேண்டும். பின்னர், குழுக் கொள்கையில் ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்புப் பிரிவிலுள்ள “Server authentication certificate template” என்னும் அமைப்பில் அவ்வார்ப்புருவின் பெயரை எழுத வேண்டும். வார்ப்புருவின் காட்சிப் பெயரும் உள்பெயரும் ஒன்றாகவே இருப்பது அவசியம். வேறுபட்டால் சர்வர் புதிய சான்றிதழ்களை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கொள்கை செயற்பட்டதும், சர்வர் தானே சான்றிதழைப் பெற்றுப் புதுப்பித்துக்கொள்ளும். டொமைன் கணினிகள் வழங்குநரை ஏற்கெனவே நம்புவதால் பயனர் பக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. டொமைனுக்கு வெளியிலுள்ள மடிக்கணினியில், சர்வரின் சான்றிதழையன்று, வழங்குநரின் மூலச் சான்றிதழை ஒருமுறை நிறுவ வேண்டும். வெளியில் வாங்கிய சான்றிதழைக் கையால் பொருத்துவோர், அதன் தனிச் சாவியைப் படிக்கும் உரிமையை “NETWORK SERVICE” கணக்குக்குத் தர மறந்தால், அச்சான்றிதழைச் சேவையால் பயன்படுத்த இயலாது.

இறுதியாக, பயனர்கள் ஐ.பி. முகவரியை விடுத்துச் சர்வரின் முழுப்பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்போது எச்சரிக்கை எழாமல் இணைப்பு திறப்பதும், மேற்பட்டையிலுள்ள பூட்டுச் சின்னத்தை அழுத்தினால் அடையாளம் சரிபார்க்கப்பட்டதாகத் தெரிவதும் திருத்தம் பலித்ததற்குச் சான்று. எச்சரிக்கையை வாயடைப்பது திருத்தமன்று. இவ்வாறு சரிசெய்த சர்வரில் அது என்றேனும் மீண்டும் தோன்றினால், காரணம் தெரியும் வரை கடவுச்சொல்லைத் தராதிருப்பதே முறை.